ஜெர்மன் மொழி ஐபோனில் அமைதி நேரம் அமைப்பது

இந்த அத்தியாயத்தை ஒரே ஒரு ஆளை மனதில் வைத்து எழுதுகிறேன். டோர்ட்முண்ட் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் இரவுப் பணி செய்யும் ஈழத்துப் பெண் அவர். காலையில் வேலை முடிந்து, பிள்ளையைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு, எட்டரை மணிக்குப் படுக்கிறார். மாலை மூன்று மணிக்கு எழ வேண்டும். அவருடைய ஐபோன் ஜெர்மன் மொழியில் இருக்கிறது. வேலையிடத்துச் செயலி, வங்கிச் செயலி, மொழித் தேர்வு எல்லாவற்றுக்கும் அதுதான் வசதி என்பதால் அப்படியே இருக்கட்டும் என்கிறார்.

சிக்கல் நேர வித்தியாசத்தில் இருக்கிறது. கோடையில் ஜெர்மனியை விட யாழ்ப்பாணம் மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. குளிர்காலத்தில் நாலரை மணி நேரம். கோடையில் இவர் எட்டரைக்குக் கண்ணை மூடும்போது அங்கே நண்பகல் 12 மணி. இவர் எழும்போது அங்கே மாலை ஆறரை. ஊரில் எல்லோரும் விழித்திருந்து, வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் படம் போட்டு, வாழ்த்துச் சொல்லி, மறுமொழி எழுதும் நேரம் முழுவதும் இவருக்கு நடுச்சாமம். கைபேசியை முழுதாக அணைத்துவிடவும் முடியாது. அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் தங்கை கூப்பிட்டால் மணி அடிக்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பாலர் பள்ளியிலிருந்து கூப்பிட்டாலும் அடிக்க வேண்டும். மற்றதெல்லாம் மூன்று மணிக்குப் பிறகு பார்த்தால் போதும்.

மொழியைத் தற்காலிகமாக மாற்றி, வேலையை முடித்து, மறுபடி ஜெர்மனுக்கே போய்விடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. செய்யலாம், அமைப்புகள் அப்படியே நிற்கும். ஆனால் ஒரு நாள் தங்கையின் அழைப்பு வராமல் போனால், பாதித் தூக்கத்தில் அதைச் சரிபார்க்கப்போவது ஜெர்மன் திரையில்தான். அதனால் வழியை ஜெர்மனிலேயே ஒருமுறை நடந்து பார்த்துவிடுவதையே நான் சொல்வேன். மனப்பாடம் செய்ய வேண்டிய சொற்கள் அதிகமில்லை. மிச்சத்தைச் சின்னமும் நிறமும் காட்டிக்கொடுக்கும்.

இடத்தைக் கண்டுபிடிப்பது

சாம்பல் நிறப் பல்சக்கரம் உள்ள செயலிதான் அமைப்புகள். அதன் கீழே Einstellungen என்று எழுதியிருக்கும். திறந்து கொஞ்சம் கீழே போனால், சிவப்புக் கட்டத்தில் மணி வரைந்த ஒரு வரி வரும். அது Mitteilungen, அதாவது அறிவிப்புகள். அதையொட்டி ஊதாக் கட்டத்தில் பிறைநிலா வரைந்த வரி Fokus. நமக்கு வேண்டியவை இந்த இரண்டும்தான். ஒலி அமைப்புக்கான ஒலிபெருக்கிச் சின்னமும் திரை நேரத்துக்கான மணற்கடிகாரமும் பக்கத்திலேயே நிற்கும். அவற்றைத் தொட வேண்டாம்.

Fokus பக்கத்தைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது பிறைநிலாவோடு இருக்கும் Nicht stören. தொந்தரவு செய்யாதே என்ற அந்தப் பழைய ஏற்பாடு ஐபோனில் 2012 முதல் இருக்கிறது. 2021இல் வந்த ஐஓஎஸ் 15 அதை Fokus என்ற பெரிய குடையின் கீழ் கொண்டுவந்து, தூக்கம், வேலை, சொந்த நேரம் என்று தனித்தனி வகைகளையும் சேர்த்தது. கட்டில் சின்னத்தோடு Schlafen என்றொரு வகை இருப்பதைப் பார்த்து, இதுதானே நமக்கு வேண்டியது என்று தோன்றும். பகலில் தூங்குபவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது உறக்கக் கால அட்டவணையோடும் அலாரத்தோடும் பிணைந்தது. பணி முறை மாறும் வாரத்தில் அந்த அட்டவணையையும் சேர்த்து மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். பூட்டுத் திரையையும் அது மங்கலாக்கிவிடும்.

சொந்தப் பெயரில் ஒன்று

ஜெர்மன் ஐபோன் வைத்திருப்பவருக்கு மிகவும் பயன்படும் விஷயம் இது. கைபேசியோடு வரும் வகைகளின் பெயர்கள் கைபேசியின் மொழியில்தான் வரும். நீங்களே உருவாக்கும் வகைக்கு நீங்கள் என்ன எழுதுகிறீர்களோ அதுவே பெயர். தமிழில் எழுதினால், சுற்றிலும் ஜெர்மனாக இருக்கும் திரையில் அந்த ஒரு வரி மட்டும் தமிழில் நிற்கும். அரைத் தூக்கத்திலும் விரல் தவறாது.

தமிழ் விசைப்பலகை இல்லையென்றால் முதலில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். Einstellungen திறந்து, Allgemein, அதற்குள் Tastatur, அதற்குள் Tastaturen. அடியில் புதிதாகச் சேர்க்கும் வரியைத் தொட்டு, மொழிப் பட்டியலில் Tamil தேர்ந்தெடுங்கள். அஞ்சல், தமிழ்99 இரண்டும் உண்டு, பழகியதை எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது Fokus பக்கத்துக்குத் திரும்பி, வலது மேல் மூலையிலுள்ள கூட்டல் குறியைத் தொடுங்கள். வகைகளின் பட்டியல் வரும். வாகனம், புத்தகம் போன்ற சின்னங்கள் உள்ளவை ஆயத்த வகைகள். நமக்கு வேண்டியது சொந்தமாக அமைப்பதற்கான வரி. அதைத் தொட்டதும் பெயர் எழுத ஒரு கட்டமும், கீழே வண்ண வட்டங்களும், சின்னங்களும் வந்தால் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். வராவிட்டால் பின்னால் போய் அடுத்ததைத் தொடுங்கள். பெயர்க் கட்டத்தில் ‘பகல் தூக்கம்’ என்று எழுதுங்கள். பிறைநிலாவைச் சின்னமாக எடுக்க வேண்டாம். Nicht stören ஓடுகிறதா, இது ஓடுகிறதா என்று பூட்டுத் திரையில் பிரித்துப் பார்க்க முடியாமல் போகும். வேறு சின்னமும் பளிச்சென்ற வண்ணமும் எடுத்துக்கொண்டு, Weiter என்ற பொத்தானைத் தொட்டு முன்னே போங்கள்.

யார் கூப்பிட்டால் ஒலிக்க வேண்டும்

புதிய வகையின் பக்கத்தில் மேலே இரண்டு பெட்டிகள் இருக்கும்: Personen, Apps. தவறு நடப்பது பெரும்பாலும் Personen பெட்டிக்குள்தான். புதிய பதிப்புகளில் உள்ளே இரண்டு வழிகள் தரப்படுகின்றன. ஒன்று, நீங்கள் குறிக்கும் ஆட்களை மட்டும் அனுமதிப்பது. மற்றது நேர் எதிரானது: நீங்கள் குறிக்கும் ஆட்களை மட்டும் வாயடைத்து, மற்ற எல்லோரையும் விடுவது. இரண்டாவதில் தங்கையின் பெயரைச் சேர்த்துவிட்டால் ஊரே கூப்பிடும், தங்கை மட்டும் வரமாட்டார். அடையாளம் எளிது. stumm என்ற எழுத்துகள் உள்ள வரி வாயடைப்பது. அது இல்லாத மற்ற வழியைத்தான் நாம் எடுக்க வேண்டும்.

அனுமதிப் பட்டியலில் தங்கையைச் சேருங்கள். பாலர் பள்ளியைச் சேருங்கள். வேலையிடத்தில் அவசரத்துக்குக் கூப்பிடும் ஒருவர் இருந்தால் அவரையும். இவர்கள் எல்லோரும் தொடர்புப் பட்டியலில் சரியான எண்ணோடு இருக்க வேண்டும். யாழ்ப்பாண எண் +94 என்று தொடங்கிச் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஊரில் இருந்தபோது சேமித்த எண் பலரிடம் இன்னும் பூச்சியத்தில்தான் தொடங்குகிறது. ஜெர்மன் சிம்முக்கு வரும் அழைப்பு +94 என்று வரும்போது, கைபேசி அதைத் தெரியாத எண்ணாக எடுத்துக்கொள்ள இடமுண்டு.

பாலர் பள்ளியில் வேறொரு சங்கடம் இருக்கிறது. அலுவலக எண்ணைத்தான் நாம் சேமித்திருப்போம். பிள்ளைக்கு வாந்தி என்றால் ஆசிரியை தன் கையில் இருக்கும் வேறு இணைப்பிலிருந்து கூப்பிடுவார். அதற்காகத்தான் அதே பக்கத்தில் கீழே ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதன் பெயரில் Wiederholte Anrufe என்ற சொற்கள் வரும். அதைப் பச்சையாக்கி வையுங்கள். ஒரே எண்ணிலிருந்து மூன்று நிமிடங்களுக்குள் இரண்டாவது முறை அழைப்பு வந்தால், பட்டியலில் இல்லாத ஆளாக இருந்தாலும் மணி அடிக்கும். முதல் அழைப்பு ஓசையில்லாமல் போய்விடும் என்பதை நினைவில் வைத்து, “எடுக்காவிட்டால் உடனே இன்னொரு தடவை அடியுங்கள்” என்று பாலர் பள்ளியில் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.

தங்கைக்கு மட்டும் இன்னும் உறுதியான ஒரு வழி உண்டு. தொடர்புப் பட்டியலில் அவர் பெயரைத் திறந்து, வலது மேல் மூலையில் Bearbeiten தொட்டு, கீழே Klingelton வரிக்குள் போங்கள். ரிங்டோன் பட்டியலுக்கு மேலே, Notfall என்ற சொல்லோடு ஒரு சுவிட்ச் தெரியும். அதைப் பச்சையாக்கினால் எந்த Fokus ஓடினாலும், பக்கவாட்டுப் பொத்தானில் ஒலியையே நிறுத்தி வைத்திருந்தாலும், அந்த ஆளின் சாதாரணத் தொலைபேசி அழைப்பு ஒலிக்கும். இதை ஒருவருக்கு, மிஞ்சினால் இருவருக்குக் கொடுக்கலாம். பத்துப் பேருக்குக் கொடுத்தால் பிறகு அமைதி நேரம் வைத்ததில் பொருளில்லை.

வாட்ஸ்அப் என்ற தனிக் கதை

தங்கை கூப்பிடுவது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில். மேலே சொன்ன Notfall சுவிட்சை வாட்ஸ்அப் அழைப்புக்கு நம்பி இருக்க வேண்டாம். Personen பட்டியலில் அவர் இருப்பதால் அவருடைய வாட்ஸ்அப் அழைப்பு உள்ளே வரக்கூடும். ஆனால் அந்த எண்ணை வாட்ஸ்அப் உங்கள் தொடர்புப் பட்டியலிலுள்ள ஆளோடு சரியாகப் பொருத்த வேண்டும். இதைச் சோதித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். சோதனையில் வராவிட்டால் Apps பெட்டிக்குள் வாட்ஸ்அப்பைச் சேர்க்க வேண்டியிருக்கும். சேர்த்ததும் குடும்பக் குழுவும் திருமண மண்டபம் தேடும் குழுவும் ஊர்ச் சங்கக் குழுவும் சேர்ந்தே ஒலிக்கத் தொடங்கும்.

அதற்கு மருந்து கைபேசி அமைப்பில் இல்லை, வாட்ஸ்அப்புக்குள்ளேயே இருக்கிறது. உரையாடல் பட்டியலில் குழுவின் பெயரை இடப்பக்கம் தள்ளுங்கள். Mehr என்ற பொத்தான் வெளிப்படும். அதற்குள் Stummschalten. எட்டு மணி நேரம், ஒரு வாரம், Immer என்று மூன்று தெரிவுகள் வரும். Immer என்றால் எப்போதும். குழுவில் இருப்பவர்களுக்கு இது தெரியாது. வருத்தப்பட யாருக்கும் காரணம் இராது. செய்திகள் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும், ஒலி மட்டும் வராது.

இதைவிட எளிய உடன்பாடு ஒன்றைத் தங்கையோடு செய்துகொள்ளலாம். கதை பேசுவதற்கு வாட்ஸ்அப், அவசரத்துக்குச் சாதாரணத் தொலைபேசி. ஊரிலிருந்து அடிக்கக் காசு போகும்தான். ஆனால் அவசரம் அடிக்கடி வருவதில்லை, அந்த அழைப்பு தவறாமல் ஒலிக்கும், இணையம் மெதுவாக இருந்தாலும் வரும்.

நேரம் குறிப்பது

வகையின் பக்கத்தில் கீழே Zeitplan என்ற சொல் வரும் பகுதி நேர அட்டவணைக்கானது. கடிகாரச் சின்னத்தைத் தேர்ந்தெடுத்து, Von என்ற இடத்தில் 08:30, Bis என்ற இடத்தில் 15:00 கொடுங்கள். இது கைபேசி இருக்கும் இடத்து நேரத்தில் ஓடும். கோடை, குளிர்கால நேரம் மாறும்போது நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். மாறுவது ஊரில் அந்த நேரம் என்ன மணி என்பது மட்டும்தான்.

அடியில் ஏழு நாட்களுக்கும் ஏழு வட்டங்கள் இருக்கும். கைபேசியின் பிராந்தியம் ஜெர்மனி என்று இருந்தால் வாரம் திங்களில் தொடங்கும். வட்டங்களில் M D M D F S S என்று ஒற்றை எழுத்துகள் வரும். ஞாயிறில் தொடங்கும் நாட்காட்டிக்குப் பழகிய கை முதல் வட்டத்தை ஞாயிறு என்று எடுத்துக்கொண்டால், ஓய்வு நாளில் கைபேசி ஊமையாகி, வேலை நாள் ஒன்றில் ஓயாமல் ஒலிக்கும். இரண்டு M, இரண்டு D, இரண்டு S இருப்பதால் எழுத்தை வைத்துத் தேடாமல் இடமிருந்து எண்ணிக்கொள்ளுங்கள்: திங்கள், செவ்வாய், புதன் என்று வரிசையாக, கடைசி வட்டம் ஞாயிறு.

பணி அட்டவணை வாரத்துக்கு வாரம் மாறுகிறதென்றால், நேரம் குறிக்காமல் கையால் போடுவதே மேல் என்பது என் கருத்து. திரையின் வலது மேல் மூலையிலிருந்து கீழே இழுத்தால், முகப்புப் பொத்தான் உள்ள பழைய ஐபோனில் அடியிலிருந்து மேலே இழுத்தால், கட்டுப்பாட்டுப் பலகை வரும். அதில் பிறைநிலா உள்ள கட்டத்தில் Fokus என்று எழுதியிருக்கும். எழுத்தின் மீது தொட்டால் வகைகளின் பட்டியல் விரியும். ஜெர்மன் வரிகளுக்கு நடுவே ‘பகல் தூக்கம்’ தமிழில் நிற்கும். அதைத் தொட்டுவிட்டுப் படுக்கலாம். கடிகாரச் செயலியில் வைத்த அலாரத்தை Fokus தடுக்காது. மூன்று மணி அலாரம் வழக்கம்போல் அடிக்கும்.

வகையின் பக்கத்தில் இன்னும் பல வரிகள் இருக்கும்: முகப்புத் திரையை மாற்றுவது, பூட்டுத் திரையை மாற்றுவது, வடிகட்டிகள். இந்தத் தேவைக்கு அவை வேண்டாம்.

சோதனை

அமைத்த அன்றே, விழித்திருக்கும் நேரத்தில், ‘பகல் தூக்கம்’ போட்டுவிட்டுக் கைபேசியைப் பூட்டி மேசையில் வையுங்கள். பூட்டுத் திரையின் அடியில் நீங்கள் தேர்ந்தெடுத்த சின்னம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வகை ஓடவில்லை. தங்கையை முதலில் சாதாரண அழைப்பில் கூப்பிடச் சொல்லுங்கள், பிறகு வாட்ஸ்அப்பில். பட்டியலில் இல்லாத தோழி ஒருவரை ஒருமுறை கூப்பிடச் சொல்லி, ஒலிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மூன்று நிமிடத்துக்குள் மறுபடி கூப்பிடச் சொல்லுங்கள். இந்தத் தடவை ஒலிக்க வேண்டும்.

தோழியின் முதல் அழைப்பே ஒலித்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள். Personen பெட்டிக்குள் stumm உள்ள வழி தேர்வாகியிருக்கலாம். அல்லது அதே பக்கத்தில் அழைப்புகளுக்கென்று தனியாக உள்ள வரியில், அனுமதித்தவர்கள் என்பதற்குப் பதில் எல்லோரும், அல்லது தொடர்புப் பட்டியலில் உள்ள எல்லோரும் என்று இருக்கலாம். ஆட்களின் பட்டியலும் இந்த வரியும் தனித்தனி என்பது பலருக்குத் தெரிவதில்லை. செய்திகள் அமைதியாகி, அழைப்புகள் மட்டும் எல்லோரிடமிருந்தும் வருகிறதென்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

எழுந்த பிறகு: குவியலைப் பிரிப்பது

மூன்று மணிக்குக் கைபேசியை எடுத்தால் ஆறரை மணி நேர அறிவிப்புகள் குவிந்திருக்கும். அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் வசதி 2018இல் ஐஓஎஸ் 12 வந்தபோது சேர்ந்தது. சிவப்பு மணி வரைந்த Mitteilungen பக்கத்தில், ஒவ்வொரு செயலியின் பெயரையும் தொட்டால் அதற்கான பக்கம் வரும். கீழே அடுக்குவது பற்றிய வரியில் மூன்று தெரிவுகள்: Automatisch, Nach App, Aus.

Nach App என்றால் அந்தச் செயலியின் எல்லா அறிவிப்பும் ஒரே கட்டு. Automatisch என்றால் செயலி அனுமதிக்கும் அளவில் உரையாடலுக்கு ஒரு கட்டு. வாட்ஸ்அப்புக்கு Automatisch வையுங்கள். Nach App வைத்தால், அம்மாவின் மருந்து பற்றித் தங்கை எழுதிய ஒரு வரி, குழுவில் வந்த பூச்சாடிப் படங்களுக்கு அடியில் போய்விடும். செய்திச் செயலி, கடைச் செயலி போன்றவற்றுக்கு Nach App பொருத்தம். மொத்தக் கட்டையும் ஒரே தள்ளலில் அகற்றிவிடலாம். பணி அட்டவணைச் செயலிக்கு Aus வைப்பது நல்லது. ஒவ்வொரு பணி மாற்றமும் தனித்தனியே கண்ணில் படும்.

Aus என்றால் ‘அணைப்பு’ என்பதால், அதைத் தொட்டால் அறிவிப்பே நின்றுவிடுமோ என்று பயம் வரும். நிற்காது, அடுக்குவது மட்டும்தான் நிற்கும். அறிவிப்பை முழுதாக நிறுத்துவது அந்தச் செயலிப் பக்கத்தின் உச்சியில் இருக்கும் பச்சைச் சுவிட்ச். அதேபோல, அடுக்கி வைப்பதால் ஓசை குறையும் என்று எண்ண வேண்டாம். நூறு செய்தி ஒரே கட்டாகத் தெரிந்தாலும், வாயடைக்காத செயலி நூறு தடவையும் ஒலிக்கும்.

Mitteilungen முதல் பக்கத்தின் உச்சியில் மூன்று சிறு படங்களோடு Anzahl, Stapel, Liste என்று இருப்பது பூட்டுத் திரையின் தோற்றம். எண்ணிக்கை மட்டும் காட்டுவது, அடியில் அடுக்கிக் காட்டுவது, வரிசையாக விரித்துக் காட்டுவது. எழுந்தவுடன் யார் கூப்பிட்டார்கள் என்று பார்க்க விரும்புபவருக்கு Liste.

வீட்டில் ஐபேட் இருந்தால்

ஒரே ஆப்பிள் கணக்கில் ஐபேடும் இருந்தால், ஐபோனில் போடும் ‘பகல் தூக்கம்’ அதிலும் தானாக ஓடும். பாலர் பள்ளியிலிருந்து வந்த பிள்ளை அதில் அம்மம்மாவின் வீடியோ அழைப்புக்குக் காத்திருந்தால், ஓசையே வராது. Fokus முதல் பக்கத்தில், வகைகளின் பட்டியலுக்குக் கீழே உள்ள சுவிட்சுதான் சாதனங்களுக்கிடையே இந்தப் பகிர்வைச் செய்கிறது. அதை ஐபேடில் அணைத்தால் போதும். ஐபோனில் அமைத்தது அப்படியே இருக்கும். அணைத்த பிறகு ‘பகல் தூக்கம்’ என்ற பெயர் ஐபேடின் பூட்டுத் திரையில் இன்னும் தெரிகிறதா என்று ஒருமுறை பாருங்கள். தெரிந்தால், அங்கேயே கட்டுப்பாட்டுப் பலகையில் அதைத் தொட்டு அணைத்துவிடுங்கள்.